மேலே சுரண்டுவது யார்?

தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் அக்கா வீடு அவள் மாமனார் காலத்தில் கட்டியது. சீமை ஓடு வேய்ந்த சாய்ப்புக் கூரை. ஓட்டைத் தாங்கும் ரீப்பர், ரீப்பரைத் தாங்கும் கைமரம் எல்லாம் தேக்கு. வெயில் காலத்தில் அனல் இறங்குகிறது, ஓட்டிடுக்கிலிருந்து தூசி கொட்டுகிறது என்று சில வருடங்களுக்கு முன் உள்ளே ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். அறைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. கூடவே ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு இருட்டறையும் உருவாகிவிட்டது. முகட்டுக்கு நேர்கீழே ஒரு ஆள் குனிந்து நிற்கலாம். மழை படாது, காற்று அடிக்காது, பகலெல்லாம் கதகதப்பாக இருக்கும், மனித நடமாட்டமே கிடையாது. குட்டி போட இடம் தேடும் எந்தப் பிராணிக்கும் இதைவிட வசதியான இடம் ஊருக்குள் கிடைக்காது.

போன மாசி மாதம் நான் அங்கே தங்கியிருந்தபோது, ராத்திரி பத்தே கால் மணிக்கு விளக்கை அணைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. பலகையை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். நாலு பிறாண்டல், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று.

“எலிதான். நாளைக்குக் காலையில முதல் வேலையா மருந்து வாங்கிட்டு வந்து மேல வீசிடறேன்” என்றார் அத்தான்.

“ஓட்டுல எங்கயோ சந்து இருக்கும். கொத்தனாரைக் கூப்பிட்டு சிமென்ட் வெச்சு அடைச்சிடலாம்” என்றாள் அக்கா.

அக்காவின் மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். “யாருன்னே தெரியாம மருந்து வைக்கிறதா? முதல்ல என்னன்னு பாருங்கப்பா” என்றார். அந்த இரவு யாரும் தூங்காமல் போனதற்கு அத்தை சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காரணம். விடிவதற்குள் அத்தான், அக்கா இருவருடைய யோசனையும் எவ்வளவு பெரிய வினையில் முடிந்திருக்கும் என்பது தெரிந்துவிட்டது.

முதல் சிக்கல், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் நாலு பேருக்கு நாலு கருத்து. அக்கா கூடத்தின் நடுவில் என்றாள். அத்தான் படுக்கையறைச் சுவரோரம் என்றார். பத்தாவது படிக்கும் மகன் சாமான் அறைக்கு மேலே என்றான். அவன் தங்கை இரண்டு இடத்தில் கேட்கிறது என்றாள். இதில் யாருடைய காதும் பழுதில்லை. அரை அங்குலத் தடிமனுள்ள ஜிப்சம் பலகையை இரும்புச் சட்டத்தில் முடுக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு மூலையில் சுரண்டினால் அதிர்வு சட்டம் வழியாக ஓடி, பல இடங்களில் பலகையிலிருந்து ஒலியாக வெளிவருகிறது.

நம் காது திசையைக் கண்டுபிடிக்கும் விதமும் இங்கே கைகொடுப்பதில்லை. இடப்பக்கம் எழும் ஒலி இடக்காதுக்குக் கொஞ்சம் முன்னதாகவும் கொஞ்சம் பலமாகவும் வந்து சேரும். அந்த வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மூளைக்கு அது போதும், இடம் வலம் பிரித்துவிடும். சத்தம் உச்சந்தலைக்கு மேலே எழுந்தால் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் மூளை தடுமாறிப்போகிறது. நின்றுகொண்டு அண்ணாந்து பார்ப்பவர்கள் ஆளுக்கொரு மூலையைக் காட்டுவது அதனால்தான்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. தரையில் மல்லாந்து படுத்துவிட வேண்டும். அப்போது கூரை முகத்துக்கு நேர் எதிரே வந்துவிடும், காதுகள் இரண்டும் அதன் இரு பக்கமாக அமையும். சத்தம் தனக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று படுத்திருப்பவரால் நன்றாகவே சொல்ல முடியும். ஆனால் தலைமாட்டுப் பக்கமா கால்மாட்டுப் பக்கமா என்று சொல்வது கடினம். ஆகவே இரண்டு பேர் வேண்டும். மகன் கிழக்கு மேற்காகப் படுத்தான், மகள் வடக்கு தெற்காகப் படுத்தாள். மின்விசிறியை நிறுத்தினோம், ஃபிரிட்ஜையும் கொஞ்ச நேரம் அணைத்தோம். அடுத்த முறை பிறாண்டியபோது அவன் “இடப்பக்கம்” என்றான், அவள் “வலப்பக்கம்” என்றாள். இரண்டு திசையும் வெட்டிக்கொள்ளும் பக்கம் சாமான் அறைதான். அங்கே போய் ஒட்டடைக் கம்பின் ஒரு முனையைப் பலகையில் மெல்ல வைத்து, மறுமுனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்தி இடம் மாற்றி மாற்றிக் கேட்டோம். தென்மேற்கு மூலையில் மட்டும் நகம் உரசுவது கம்பி வழியே பிசிறில்லாமல் கேட்டது.

அதற்குப் பிறகுதான் நோட்டுப்புத்தகம் வந்தது. மகள் வீட்டின் தரைப்படத்தைப் பென்சிலால் வரைந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் மணி, என்ன மாதிரி சத்தம் என்று ஒரு வார்த்தை. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தோன்றும். ஆனால் கூரைச் சத்தத்தை ஆராய்வதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு சத்தத்தை வைத்துப் பிராணியைச் சொல்ல முடியாது. ஒரு இரவின் சத்தங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எப்போது கேட்கிறது என்பதுதான் முதல் கேள்வி. காலையில் வெளிச்சம் வந்தபின் ஆரம்பித்துப் பொழுது சாய்வதோடு நின்றுவிட்டால் அணில். முதுகில் கோடு போட்ட நம் ஊர் அணில் ராத்திரியில் நன்றாகத் தூங்கும். பொழுது சாயும்போதும் விடியுமுன்னும் மட்டும் கீச்சுச் சத்தமும் சிறகுப் படபடப்பும் கேட்டால் வௌவாலாக இருக்கலாம். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ உள்ள வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு ‘டிக், டிக்’ என்று கேட்டு, ஒன்பது பத்து மணிக்குள் ஓய்ந்துபோனால் அது எந்தப் பிராணியும் இல்லை. பகல் வெயிலில் விரிந்த தகடு குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். மரத்துக்குள்ளிருந்தே அரிக்கும் சத்தம் கேட்டு, கீழே மாவு உதிர்ந்திருந்தால் மரம் துளைக்கும் வண்டின் புழு. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் இரவு முழுக்கக் கேட்கும் சத்தத்துக்கு மிஞ்சுவது எலி, பூனை, மரநாய் மூன்றும்தான்.

எலியை அதன் ஓட்டத்தில் கண்டுகொள்ளலாம். நம் வீட்டுக் கூரைகளில் வாழ்வது பெரும்பாலும் உடம்பைவிட வால் நீண்ட கறுப்பெலி. நூற்றைம்பது, இருநூறு கிராம் எடைதான் இருக்கும். அது நடுவெளியில் நிற்காது, சுவரோரமாகவும் கைமரத்தின் மேலேயும் ஒரே தடத்தில் போய்வரும். ஓடும்போது முறத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி சரசரவென்று கேட்கும், காலடிகளை எண்ண முடியாது. இன்னொரு சத்தம் கொறிப்பது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். ஒரே இடத்தில் நிமிடக்கணக்கில் விடாமல் கரகரவென்று கேட்டால் கொறிக்கிறது என்று பொருள். கொறிபடுவது மின்கம்பியின் உறையாக இருந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அந்தப் பக்கத்து விளக்கு காரணமில்லாமல் மினுக்கினாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். எலியைப் பற்றிய ஆராய்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதினொன்றே முக்காலுக்குள் நோட்டில் ஒன்பது புள்ளிகள் விழுந்திருந்தன. அத்தான் கையில் வாங்கிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒன்பதும் சாமான் அறையின் தென்மேற்கு மூலையிலேயே குவிந்து கிடந்தன. எலி என்றால் சுவரோரமாக நீளத்துக்குப் போயிருக்க வேண்டும், கூடத்துக்கு மேலே ஒரு புள்ளியாவது விழுந்திருக்க வேண்டும். சுரண்டுவதும் கொறிக்கும் சத்தமில்லை, நகம் பலகையில் வழுக்குகிற சத்தம். நடுநடுவே மெல்லிய குரலில் ஒரு கீச்சு. ஒட்டடைக் கம்பால் கீழிருந்து லேசாகத் தட்டிப் பார்த்தோம். தகடு, குழாய் போன்ற உயிரில்லாத பொருளாக இருந்தால் தட்டுவதால் எந்த மாற்றமும் இருக்காது. இது சட்டென்று அடங்கியது. ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் மறுபடி ஆரம்பித்தது. ஓடி ஒளியவில்லை. ஓட முடியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

“இங்க பாருங்க” என்றாள் அக்கா. டார்ச் வெளிச்சத்தில் சாமான் அறைப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை, ஓரம் பழுப்பேறியிருந்தது. ஓடு ஒழுகுகிறது என்று அத்தான் அதைப் பார்த்துவிட்டு விட்டிருந்தார். ஆனால் பொங்கலுக்குப் பிறகு மழையே இல்லை. மேலிருந்து ஒழுகும் நீர் கைமரத்திலோ சுவரிலோ வழிந்த தடம் இருக்கும், இங்கே அப்படி எதுவும் இல்லை. விரலால் அழுத்தினால் பலகை ஊறிப்போய்ப் பதமாக இருந்தது. முகர்ந்து பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. சிறுநீர். அதுவும் ஒரே இடத்தில் பல நாள் பட்டது.

அத்தை சொன்னபடி வெளியே போய்ப் பார்த்தோம். கூரையைச் சுற்றி வருவதற்கு முன் கைப்பிடிச் சுவரைப் பார்க்கச் சொன்னார். அதன் மேல் காய்ந்துபோன எச்சம், கட்டைவிரல் பருமன். குச்சியால் பிளந்தால் உள்ளே கறுப்பாகப் பளபளக்கும் சப்போட்டாக் கொட்டைகள். எச்சத்தைக் கையால் தொடாமல் இப்படிப் பிரித்துப் பார்ப்பது இந்தத் துப்பறிதலில் பாதி வேலையை முடித்துவிடும். எலிப்புழுக்கை அரை அங்குல நீளத்தில், முனை கூராகச் சிதறிக் கிடக்கும். வௌவால் எச்சமும் சிறியதுதான், ஆனால் குச்சியால் நசுக்கினால் பூச்சிச் சிறகுகளாகப் பொடிந்துவிடும். பழக்கொட்டைகள் முழுசு முழுசாக இருந்து, அதுவும் மதில், கைப்பிடிச் சுவர், மொட்டை மாடி என்று திறந்த இடத்தில் கிடந்தால் மரநாய்.

“எங்க காலத்துல பனைமரத்துல கள்ளுப்பானையில வாய் வைக்கும். இப்ப பனை எங்க இருக்கு? வீட்டுக்கு வந்துடுச்சு” என்றார் அத்தை.

மரநாய் நாயுமில்லை, பூனையுமில்லை. புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாம்பல் உடம்பு, முகத்தில் கறுப்பு முகமூடி, உடம்பளவு நீண்ட வால், எடை இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரை. தனியாகத் திரியும். பகலெல்லாம் மரப்பொந்திலோ கூரையிலோ தூங்கிவிட்டு, இருட்டியபின் கிளம்பி விடிவதற்குள் திரும்பிவிடும். பழம்தான் முக்கிய உணவு என்றாலும் பூச்சி, எலி எல்லாவற்றையும் தின்னும். சென்னையின் நெரிசலிலும் மரங்களும் பழைய கூரைகளும் மிச்சமிருக்கும் தெருக்களில் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அதை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கணக்கு உதைத்தது. மரநாய் நடந்தால் கீழே இருப்பவர்கள் காலடியை எண்ணிவிடலாம். தொப், தொப் என்று நாலு அடி வைத்து நின்று, மறுபடி நடக்கும். நாங்கள் கேட்டதில் அந்தக் கனம் இல்லவே இல்லை. மேலும், இரவு பதினோரு மணிக்கு மரநாய் இரை தேடி வெளியே அலைய வேண்டிய நேரம், வீட்டில் உட்கார்ந்து பலகையைச் சுரண்டிக்கொண்டிருக்காது. அப்படியானால் சுரண்டுவது யார்?

மகன்தான் முதலில் சொன்னான். “அம்மா வெளிய போயிருக்கு சித்தி. உள்ள இருக்கறது குட்டிங்க.”

உறுதி செய்துகொள்ள இரண்டு காரியம் செய்தோம். சப்போட்டாக் கிளை ஒன்று தென்மேற்கு மூலையில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஓடு ஒரு சாண் விலகிக் கிடந்தது. அதன் கீழே உள்ள சன்ஷேடில் ஏணி வைத்து ஏறிக் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவினோம். கல்மாவாக இருக்க வேண்டும். அரிசிமாவைப் போட்டால் விடிவதற்குள் எறும்பும் எலியும் காலி செய்துவிடும். பொடியில் பதியும் தடத்தை விரல் எண்ணிப் படிக்கலாம். எலிக்கும் அணிலுக்கும் முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து. பூனைக்கு முன்னும் பின்னும் நாலு நாலு விரலே பதியும், நகம் பதியாது. மரநாய்க்கு நாலு காலிலும் ஐந்து ஐந்து விரல்.

இரண்டாவது, சாமான் அறையில் ஏ.சி. குழாய்க்காக விட்டிருந்த சதுர மூடியைத் திறந்தோம். அந்த ஓட்டையில் தலையை விட்டுப் பார்க்கவே கூடாது. உள்ளே தாய் இருந்தால் முகத்தில் பாயும். எந்தக் காட்டுப் பாலூட்டியின் கடியிலும் வெறிநாய்க்கடி நோய் வரும் வாய்ப்பு உண்டு. அத்தான் போனில் வீடியோவையும் விளக்கையும் போட்டுச் செல்ஃபிக் குச்சியில் மாட்டி, கையை மட்டும் உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். கறைக்கு நேர்மேலே பழைய சிமென்ட் சாக்கு ஒன்றின் மேல் மூன்று குட்டிகள். கண் திறந்திருந்தது, நடக்கத் தள்ளாடின. ஒன்று சாக்கிலிருந்து இறங்கி வழவழப்பான பலகையில் நகம் வழுக்கி வழுக்கி மறுபடி ஏறப் பார்த்தது. மாலையிலிருந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அதுதான்.

மூன்றரை மணிக்கு ஓட்டின் மேல் ‘தொம்’ என்று ஒரு கனம் இறங்கியது. நாலு காலடி, ஒரு நிறுத்தம், ஓடு உரசும் ஓசை. பிறகு மேலே எல்லாம் அடங்கிவிட்டது. தாய் வந்தால் குட்டிகள் பால் குடிக்கும், சத்தம் இருக்காது. நோட்டில் அத்தனை புள்ளிகளும் தாய் இல்லாத நேரத்திலேயே விழுந்திருந்தன. விடிந்ததும் சன்ஷேடில் ஏறிப் பார்த்தோம். கோலப்பொடியில் ஐந்து விரல் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது.

இப்போது முதலில் சொன்ன இரண்டு யோசனைகளுக்கு வருவோம். அக்கா சொன்னபடி சந்தை அடைத்திருந்தால், அதுவும் இரவில் அடைத்திருந்தால், தாய் வெளியே சிக்கியிருக்கும். குட்டிகளுக்காக அது ஓடுகளைப் பெயர்த்து வேறு வழி உண்டாக்கப் பார்க்கும். முடியாமல் போனால் மூன்று குட்டிகளும் பசியில் செத்துப் பலகை மேல் அழுகும். பகலில் அடைத்திருந்தால் தாயும் உள்ளே மாட்டியிருக்கும். உயிருக்குப் போராடும் நாலு கிலோ மிருகத்துக்கு ஜிப்சம் பலகை ஒரு தடையே இல்லை, உடைத்துக்கொண்டு படுக்கையில் விழும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

அத்தான் சொன்ன எலிமருந்தை மேலே வீசியிருந்தால் மரநாய் தின்றிருக்கலாம், மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம். உண்மையிலேயே எலி இருக்கும் வீட்டிலும் கூரைக்குள் மருந்து வீசுவது மோசமான யோசனை. இப்போது கடைகளில் கிடைக்கும் கட்டி மருந்துகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்துத்தான் கொல்லும். எலி எங்கே போய்ச் சாகும் என்று யாருக்கும் தெரியாது. கை எட்டாத இடத்தில் அழுகினால் வாரக்கணக்கில் நாற்றம் இருக்கும், ஈ மொய்க்கும். இன்னொரு வகை மருந்து மனிதர்களுக்கே எமன். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிமருந்து வைத்திருந்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மூடிய அறைக்குள் எலிக்காக வைத்ததை மனிதர்களும் சுவாசித்தாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

எலிதான் என்று உறுதியானால் செய்ய வேண்டியது வேறு. அது ஏறிவரும் வழியைத் தேட வேண்டும். கூரையைத் தொடும் தென்னை மட்டை, கேபிள் வயர், சுவரைத் துளைத்துப் போகும் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி, இவைதான் வழக்கமான பாதைகள். எலி அடிக்கடி போய்வரும் தடத்தில் அதன் உடம்பு எண்ணெய்ப் பட்டுச் சுவரில் கறுப்புத் தேய்மானம் தெரியும். பொறியை அந்தத் தடத்தில் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் அண்டாது. ஆகவே முதல் நாலைந்து இரவு பொறியைத் தூக்கிக் கட்டாமல், தேங்காய்ச் சில்லோ கருவாடோ மட்டும் வைத்துப் பழக்கிவிட வேண்டும். பயமில்லாமல் தின்ன ஆரம்பித்தபின் தூக்கிக் கட்டினால் ஒரே இரவில் பலன் தெரியும். முதல் நாளே தூக்கிக் கட்டிவிட்டு, எலி ரொம்ப விவரம் என்று அலுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். எலி நடமாட்டம் நின்றபின் சந்துகளை இரும்புக் கம்பளி திணித்துச் சிமென்டால் பூச வேண்டும். வெறும் சிமென்டையோ துணியையோ அது கொறித்துவிடும். புழுக்கையைக் காய்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. எலிச் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும்.

அக்கா வீட்டில் முடிவு வேறு விதமாகப் போனது. காலையில் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். குட்டிகளைத் தொட வேண்டாம், நடந்து வெளியே போகும் பருவம் வரும்வரை பொறுத்துக்கொள்ள முடியுமானால் அதுவே நல்லது என்று அங்கே சொன்னார்கள். மரநாய்க் குட்டிகள் பால்குடி மறக்க ஏறக்குறைய இரண்டு மாதமாகும். நடுவில் இடம் பாதுகாப்பில்லை என்று தாய்க்குத் தோன்றினால் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடத்துக்குத் தூக்கிப்போய்விடும். அன்றைய இரவின் டார்ச் வெளிச்சமும் ஏணிச் சத்தமும் எங்கள் பேச்சும் அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சில இரவுகள் கழித்து மூலையில் சத்தம் நின்றுவிட்டது.

சத்தம் நின்றதை நம்பி உடனே அடைக்கவில்லை. ஒரு செய்தித்தாளைக் கசக்கி, விலகிய ஓட்டின் சந்தில் தளர்வாகச் செருகி வைத்தார் அத்தான். உள்ளே ஏதாவது இருந்தால் வெளியே வரும்போது காகிதத்தைத் தள்ளிவிடும், வெளியிலிருந்து வந்தாலும் இழுத்துப் போட்டுவிடும். மூன்று இரவு காகிதம் அசையவில்லை. போனைக் குச்சியில் மாட்டி ஒருமுறை மேலே பார்த்தார்கள், சாக்கு மட்டும்தான் இருந்தது. அதன்பிறகு பகல் வெளிச்சத்தில் ஓட்டை நேராக்கி, கீழே அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை ரீப்பரில் ஆணியடித்துப் பொருத்தினார்கள். சப்போட்டாக் கிளையைக் கூரையிலிருந்து ஆறடி தள்ளி வெட்டினார்கள். ஊறிய பலகை ஒன்றைக் கழற்றிப் புதிதாக மாட்டினார்கள். மரநாய் ஊரைவிட்டுப் போகவில்லை, கைப்பிடிச் சுவரில் சப்போட்டாக் கொட்டை இன்றும் கிடக்கிறது.

உங்கள் வீட்டுக் கூரையில் சுரண்டல் கேட்டால் ஒரு இரவு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். புள்ளிகள் சுவரோரமாக நீண்டால் எலி, பொறி வையுங்கள். ஒரே மூலையில் குவிந்தால் குட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள். எதுவாக இருந்தாலும் செய்தித்தாள் மூன்று இரவு அசையாமல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டையை அடைக்காதீர்கள், மேலே மருந்து வீசாதீர்கள்.